57% விலையேற்றம், 30% வட்டி: அப்போது கடன் வாங்கி இயந்திரம் போட்டிருக்க வேண்டாமா?

வெள்ளவத்தை வாசி | 2025 மார்ச் 3, காலை 9.10

ஒரு விஷயம் எனக்கு விளங்கவே இல்லை. 2022 டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 57.2%. வங்கிகளின் முதன்மைக் கடன் வீதம் 27% சொச்சம், நம்மைப் போன்றவர்களுக்கு 30% என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கடன் வாங்கியவனுக்கு ஆண்டுக்கு 27% லாபம், காசின் பெறுமதி கரைகிற வேகத்தில் கடனும் கரைந்துவிடும். எல்லாரும் ஓடிப்போய்க் கடன் வாங்கித் தொழிற்சாலை கட்டியிருக்க வேண்டும். ஒருவரும் கட்டவில்லை. "விலை நிலையில்லாவிட்டால் முதலீடு வராது" என்று பேப்பரில் எழுதுகிறார்கள், ஏன் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எல்லா விலையும் சேர்ந்தே ஏறினால் முதலாளிக்கு என்ன நட்டம்?

சேமிப்பு | மார்ச் 3, காலை 9.42

இப்போது ஒரு வருட நிலையான வைப்புக்கு எந்த வங்கியில் கூட வட்டி? யாராவது சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசி | மார்ச் 3, காலை 9.50

அதைக் கேட்கவில்லை ஐயா.

பழைய கடன் பிரிவு | மார்ச் 3, மதியம் 1.25

முதலில் கழித்தல் கணக்கு. இந்த அளவு பெரிய எண்களில் 30-இலிருந்து 57-ஐக் கழிக்கக்கூடாது. 130-ஐ 157-ஆல் வகுத்தால் 0.83 வரும், ஆக விலையேற்றம் போக மிஞ்சும் உண்மை வட்டி மைனஸ் 17, மைனஸ் 27 அல்ல. அதுவும்கூடப் பெரிய ஆதாயம்தானே என்பீர்கள். இல்லை.

57.2% என்பது 2021 டிசம்பரிலிருந்து 2022 டிசம்பர் வரை நடந்து முடிந்த கதை. கடன் வாங்குகிறவன் கட்டப்போவது 2023-இல். அந்த ஆண்டு விலை எவ்வளவு ஏறியது என்று தெரியுமா? 2023 டிசம்பரில் பணவீக்கம் 4%. ஆகவே 2022 டிசம்பரில் 30%-க்கு நிலையான வட்டியில் கடன் எடுத்தவன் அந்த ஒரு வருடத்தில் உண்மையில் கட்டியது 25%. நீங்கள் லாபம் என்று சொன்ன இடத்தில் அவன் மூழ்கியிருப்பான்.

அதே மாதத்தில் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கும் 364 நாள் திறைசேரி உண்டியல் வாங்கியவருக்கு 29% கிடைத்தது. அவருக்கு அது நல்ல காலம். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு வாடிக்கையாளரும் "பணவீக்கம் 57, ஆகவே எனக்குக் கடன் தா" என்று வந்து உட்கார்ந்ததில்லை. "அடுத்த வருடம் என்ன ஆகும் ஐயா" என்றுதான் கேட்பார்கள். எங்களுக்கும் தெரியாது.

வெள்ளவத்தை வாசி | மார்ச் 3, மதியம் 1.58

பின்னால் பார்த்து எல்லாரும் சொல்லலாம். 2023-இல் 4%-க்கு வரும் என்று 2022 டிசம்பரில் யாருக்குத் தெரியும்? 100%-க்கும் போயிருக்கலாம், அப்போது கடன் வாங்கியவன் ராஜா.

பழைய கடன் பிரிவு | மார்ச் 3, மதியம் 2.06

நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். 4-உம் வரலாம், 100-உம் வரலாம். இந்த இரண்டுக்கும் நடுவே ஐந்து வருடக் கடனில் கையெழுத்துப் போடுவது யார்?

மில்காரர் | மார்ச் 3, இரவு 10.31

நான் கிளிநொச்சிப் பக்கம் நெல் ஆலை வைத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை, என் கதையைச் சொல்கிறேன்.

2021 கடைசியில் டிரையர் ஒன்று போட நினைத்தேன். மாரி அறுவடை நேரம் மழை பெய்தால் நெல்லைத் தரையில் காயப்போட முடியாது, ஈரம் கூடினால் அரிசி உடையும், உடைந்த அரிசிக்கு விலை இல்லை. அதனால் டிரையர் வந்தால் நிச்சயம் லாபம், அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. கொழும்பு முகவர் கிட்டத்தட்ட 90 லட்சம் என்று விலைப்பட்டியல் தந்தார், கீழே "30 நாட்களுக்குச் செல்லுபடியாகும்" என்று போட்டிருந்தது. வங்கி 12%-க்குத் தருகிறேன் என்றது, ஆனால் மாறும் வட்டி. யோசித்துக்கொண்டிருக்கும்போதே மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 சொச்சமாக இருந்த டொலர் மே மாதம் 360. புதிய விலைப்பட்டியல் 160 லட்சத்துக்கு மேல், கீழே "இன்று மட்டும்". அதற்கடுத்ததில் விலையே இல்லை, "இறக்குமதியாகும் நாளின் விலைக்கு உட்பட்டது" என்று ஒரு வரி மட்டும். அந்தத் தாளை வங்கிக்குக் கொண்டுபோனால் மனேஜர் சிரிக்கிறார், எந்தத் தொகைக்குக் கடன் எழுதுவது?

டிரையருக்கு வைத்திருந்த காசுக்கு நெல் வாங்கி அடுக்கினேன். பக்கத்து ஆள் கம்பியும் சீமெந்தும் வாங்கி வைத்தார். இன்னொருவர் பழைய லொறி ஒன்று, இறக்குமதி நின்றிருந்ததால் அதற்கும் விலை ஏறியது. மூவருக்கும் நட்டம் இல்லை. ஆனால் அந்த வருடம் எங்கள் ஊரில் ஒரு புது இயந்திரமும் இறங்கவில்லை.

பனியன் ஊர் | மார்ச் 4, காலை 7.15

இதே கதை திருப்பூரிலும் நடந்ததுங்க. 2021, 22-இல் நூல் விலை மாதாமாதம் ஏறியது. ஸ்பின்னிங் மில்கள் ஒண்ணாந்தேதி விலை அறிவிப்பார்கள், நாங்கள் மூன்று நான்கு மாதம் முன்பே பையருக்கு டாலரில் விலை பேசிக் கையெழுத்துப் போட்டிருப்போம். விலை ஏறியதுகூடப் பெரிதில்லை, இவ்வளவு ஏறும் என்று தெரிந்தால் அதற்கேற்றபடி விலை சொல்லிவிடலாம். ஒண்ணாந்தேதி எவ்வளவு ஏறும் என்று தெரியாததுதான் கொன்றது. 2022 மே மாதம் ஊரே இரண்டு நாள் அடைத்துப் போராடினோம். ஆக பணவீக்கம் எங்கேயும் ஒன்றுதான்.

பழைய கடன் பிரிவு | மார்ச் 4, காலை 11.40

தம்பி, "ஏறியதைவிட எவ்வளவு ஏறும் என்று தெரியாததுதான் கொன்றது" என்றீர்களே, அது முழுக்கச் சரி. கடைசி வரியை ஒத்துக்கொள்ள மாட்டேன். நூலுக்கு மட்டும் விலை ஏறியது பணவீக்கம் அல்ல, ஒரு பொருளின் விலை மற்றவற்றைவிட மேலே போனது. அப்போது இந்தியாவில் உங்கள் வங்கிக் கடன் வட்டி இரண்டு மடங்கு ஆகவில்லை, ரூபாய் பாதியாகவில்லை. நூல் விலை ஏறுவது பருத்தி தட்டுப்பாடு என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே பாலியெஸ்டர் பக்கம் போகலாமா என்று யோசிக்க முடிந்தது. அது விலை தருகிற பயனுள்ள செய்தி.

மில்காரர் நின்ற இடத்தில் அந்தச் செய்தியும் கெட்டுப்போயிருந்தது. அரிசி விலை ஏறினால் அது அரிசிக்குத் தட்டுப்பாடா, காசு மலிந்ததா என்று பிரித்தறிய முடியாது. 2021-இல் இரசாயன உரத்தைத் தடை செய்து விளைச்சல் விழுந்ததும் அதில் கலந்திருந்தது. தட்டுப்பாடு என்றால் ஆலையைப் பெருக்கலாம். காசு மலிந்தது என்றால் பெருக்கி என்ன பயன், செலவும் அதே அளவு ஏறும்.

மில்காரர் | மார்ச் 4, மதியம் 12.20

அத்தோடு அரிசிக்கு அரசாங்கம் உச்ச விலை வேறு போட்டது. நெல் வாங்கும் விலைக்கு உச்சம் இல்லை.

வெள்ளவத்தை வாசி | மார்ச் 4, மாலை 5.05

சரி, அடுத்த சந்தேகம். தெரியாத்தனம் இரண்டு பக்கமும் இருக்கிறதே. நட்டமும் வரலாம், பெரிய லாபமும் வரலாம். சராசரி அதேதான் என்றால் ஏன் தயங்க வேண்டும்? எல்லாரும் பயந்தாங்கொள்ளிகளா?

பழைய கடன் பிரிவு | மார்ச் 4, இரவு 9.48

பயமே இல்லாத ஆளுக்கும் தள்ளிப்போடுவதுதான் லாபம் என்று கணக்குப் போட்டே காட்டலாம். கடன் பிரிவில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதல் வாரம் போட்டுக் காட்டுவேன்.

இயந்திரம் 100 லட்சம், தேயாமல் என்றைக்கும் ஓடும், வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 10 லட்சம் மிஞ்சினால் போட்ட காசுக்குச் சரி. அடுத்த வருடம் நிலைமை தெளிந்துவிடும். நல்லபடியாகத் தெளிந்தால் என்றைக்கும் ஆண்டுக்கு 20 லட்சம், கெட்டபடியானால் 5 லட்சம், இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. சராசரி 12.5 லட்சம், அதை 10%-இல் கணக்கிட்டால் பெறுமதி 125 லட்சம். இன்றே போட்டால் சராசரியாக 25 லட்சம் லாபம். ஆகவே போடலாம் என்று தோன்றும்.

ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள். கெட்ட பக்கம் வந்தால் 50 லட்சம் பெறுமதிக்கு யாரும் 100 லட்சம் போடமாட்டார்கள், பேசாமல் இருந்துவிடலாம், நட்டம் பூச்சியம். நல்ல பக்கம் வந்தால் 200 லட்சம் பெறுமதி, 100 போட்டு 100 லாபம். அதற்குப் பாதி வாய்ப்பு, ஆக 50. ஒரு வருடம் தள்ளி வருவதால் இன்றைய மதிப்பில் 45 லட்சம். இன்றே போட்டால் 25, பொறுத்தால் 45. முதல் வருட வருமானத்தை விட்டுக்கொடுத்த பிறகும் இதுதான் கணக்கு.

இப்போது சராசரியை அப்படியே வைத்துவிட்டு விரிவை மட்டும் சுருக்குங்கள். 20, 5 என்பதற்குப் பதில் 14, 11. சராசரி அதே 12.5. இன்றே போட்டால் அதே 25 லட்சம். பொறுத்தால் இரண்டு பக்கமும் எப்படியும் போடத்தான் போகிறோம், 40-க்கும் 10-க்கும் சராசரி 25, ஒரு வருடம் தள்ளிப்போவதால் 22.7. இப்போது பொறுப்பதில் லாபம் இல்லை, நாளைக்கே இயந்திரத்தை இறக்கலாம்.

இரண்டிலும் அதே இயந்திரம், அதே சராசரி லாபம். மாறியது விரிவு மட்டும்.

வெள்ளவத்தை வாசி | மார்ச் 4, இரவு 10.30

இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. ஆனால் கெட்ட பக்கம் வந்தால் இயந்திரத்தை விற்றுவிட்டுப் போகலாமே?

மில்காரர் | மார்ச் 4, இரவு 10.44

தம்பி, கழற்றிய டிரையரை யாருக்கு விற்பது? அத்திவாரம் போட்டு, கூரை உயர்த்தி, மூன்று பேஸ் மின்சாரம் எடுத்து வைத்த சாமான். கழற்றினால் இரும்பு விலை. அதுவும் கெட்ட வருடத்தில் எல்லா ஆலைக்காரரும்தான் விற்க நிற்பார்கள்.

பழைய கடன் பிரிவு | மார்ச் 5, காலை 6.50

அந்தக் கேள்வி நல்ல கேள்வி. போட்ட விலைக்கே விற்க முடிந்தால் நான் போட்ட கணக்கு முழுக்கக் கவிழ்ந்துவிடும், பொறுப்பதில் ஒரு ஆதாயமும் இருக்காது. இன்றே போட்டு, கெட்டுப்போனால் விற்றுவிடலாம். அதனால்தான் மில்காரரின் காசு நெல்லுக்குப் போனது, பக்கத்து ஆளின் காசு கம்பிக்குப் போனது. நெல்லும் கம்பியும் லொறியும் எப்போது வேண்டுமானாலும் விற்கக்கூடியவை. காசு முடங்கவில்லை, திரும்ப எடுக்க முடிகிற இடமாகப் பார்த்துப் போயிற்று. ஆனால் அடுக்கி வைத்த நெல் நாலு மாதம் கழித்தும் அதே நெல்தான், டிரையராக இருந்திருந்தால் ஒவ்வொரு போகமும் உடையாத அரிசி கூடுதலாக வந்திருக்கும்.

சேமிப்பு | மார்ச் 5, காலை 8.02

அப்படியென்றால் நெல் வாங்கி வைக்கலாமா?

மில்காரர் | மார்ச் 5, காலை 8.15

வண்டு பிடிக்கும். வைப்பிலேயே போடுங்கள்.

கமலினி | மார்ச் 5, இரவு 11.20

தொரன்ரோவில் இருந்து எழுதுகிறேன், பொருளியல் படிப்பிக்கிறேன். பழைய கடன் பிரிவு அண்ணை போட்ட கணக்கு சரி, ஆனால் இந்த இழையில் எல்லாரும் ஒரு பக்கமாகவே போகிறீர்கள்.

முதல் ஆட்சேபம். 2022-இல் இலங்கையில் டொலரே இல்லை. டீசல் இல்லை, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு, ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். இயந்திரம் வராததற்கு இவ்வளவு காரணம் இருக்கும்போது விலையின் நிச்சயமின்மைதான் காரணம் என்று எப்படிப் பிரிப்பது? இறக்குமதிக்குப் பணம் கட்ட வங்கி உறுதி தரும் கடன் கடிதத்தை முகவர் திறக்கவே முடியாத காலத்தில் மில்காரர் அண்ணை துணிந்திருந்தாலும் டிரையர் வந்திருக்காது.

இரண்டாவது, நீண்டகால வளர்ச்சி. புரூனோவும் ஈஸ்டர்லியும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் 40%-க்கு மேல் பணவீக்கம் போன நாடுகளை எடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடி நடக்கும்போது வளர்ச்சி விழுகிறது, விலை அடங்கியதும் வேகமாகத் திரும்புகிறது. நிரந்தரக் காயம் என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இலங்கையிலேயே 2024-இல் 5% வளர்ச்சி.

மூன்றாவது. பணவீக்கம் கூடினால் நிச்சயமின்மையும் கூடும் என்று ஃபிரீட்மன் தன் நோபல் உரையில் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. எங்கிள் என்பவர் ஊகிக்க முடியாத பகுதியை மட்டும் தனியாக அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார், 1982-இல் அதை முதலில் பொருத்திப் பார்த்ததே பிரிட்டனின் பணவீக்கத்துக்குத்தான். அடுத்து அமெரிக்காவுக்குப் பொருத்தியபோது, விலை வேகமாக ஏறிய 1970-களைவிட 1940-களின் கடைசியில்தான் ஊகிக்க முடியாத ஆட்டம் அதிகம் என்று வந்தது. அளவு வேறு, தெரியாத்தனம் வேறு.

பழைய கடன் பிரிவு | மார்ச் 6, காலை 10.15

பிள்ளை நல்லாக் கேட்டீர்கள். மூன்றாவதை முழுக்க ஏற்கிறேன், ஆரம்பத்திலிருந்து நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆண்டுதோறும் 15% என்று உறுதியாகத் தெரிந்தால் வங்கி 20%-க்குக் கடன் எழுதிவிடும், வேலை முடிந்தது. சிக்கல் என்னவென்றால், 15%-இல் எந்த நாடும் நெடுநாள் அமைதியாக உட்காருவதில்லை. பால் என்ற பொருளியலாளர் 1992-இல் கொடுத்த விளக்கம் எனக்குப் பிடித்தது. விலையேற்றம் 3% இருக்கும்போது மத்திய வங்கி என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும், அப்படியே வைத்திருக்கும். 20% ஆகும்போதுதான், யாரோ ஒருவர் வந்து வட்டியை உயர்த்தி அடக்கத்தான் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிகிறது, எப்போது, யார் என்று தெரிவதில்லை. எங்களுக்கு அது 2022 ஏப்ரல் 8. மத்திய வங்கியின் புது ஆளுநர் பதவியேற்ற கையோடு ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றினார். அந்த வாரம் எத்தனை பேர் தவணைக்கு என்ன செய்வது என்று தவித்திருப்பார்கள்!

இதை மாறும் வட்டிக்காரன் பக்கத்திலிருந்து பாருங்கள். 100 லட்சம், ஐந்து வருடம், 12% என்றால் மாதத் தவணை 2.22 லட்சம். அதே கடனுக்கு வட்டி 30% ஆனால் தவணை 3.24 லட்சம். இதில் கவனிக்க வேண்டியது, 30%-இல் முதல் மாத வட்டி மட்டுமே 2.5 லட்சம். பழைய தவணையை ஒழுங்காகக் கட்டுகிறவனின் கடன் குறையாது, ஏறும். மில்காரர் 2021-இல் துணிந்திருந்தால் இந்தப் பொறியில்தான் விழுந்திருப்பார். நிலையான வட்டி எடுத்தவன் விலை திடீரென இறங்கும்போது விழுகிறான், மாறும் வட்டி எடுத்தவன் விலை திடீரென ஏறும்போது விழுகிறான். எந்தக் கதவால் போனாலும் அடி.

கமலினி | மார்ச் 6, இரவு 10.05

முதல் கேள்விக்கும் இரண்டாவதுக்கும் பதில் வரவில்லை.

பழைய கடன் பிரிவு | மார்ச் 7, காலை 7.30

வருகிறேன்.

டொலர் இல்லாததையும் நிச்சயமின்மையையும் 2022-க்குள் வைத்துப் பிரிக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2023 இரண்டாம் பாதியைப் பாருங்கள். டீசல் வந்துவிட்டது, மின்வெட்டு நின்றது, பணவீக்கம் ஒற்றை இலக்கம், ஜூன் முதலாம் திகதியிலிருந்து கொள்கை வட்டி இறங்கத் தொடங்கியது. தட்டுப்பாடு மட்டும்தான் காரணம் என்றால் ஆட்கள் உடனே கடன் கேட்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கட்டுமானத் துறை 2022-இல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது, 2023-இலும் மறுபடி ஏறத்தாழ அதே அளவு. தனியார் கட்டிடம் கட்டித் தரும் ஒரு ஒப்பந்தக்காரர் அப்போது என்னிடம் சொன்னார், அரசாங்க வேலையில் சுட்டெண்ணை வைத்து விலை திருத்தும் சூத்திரம் இருக்கிறது, தனியார் வீட்டு வேலையில் பேசியது பேசியதுதான், ஆகவே யாருக்கும் முழு வீட்டுக்கு விலை சொல்வதில்லை, கூலிக்கு மட்டும்தான் பேசுகிறேன், சாமானை நீங்களே வாங்கித் தாருங்கள் என்கிறாராம். வீட்டுக்காரர் என்ன செய்வார்? அத்திவாரத்தோடு நிறுத்துவார்.

கமலினி | மார்ச் 7, இரவு 9.40

2023-இல் வருமான வரி ஏறியது, மின்சாரக் கட்டணம் வெகுவாக ஏறியது, உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நடந்தது, சம்பளத்தின் பெறுமதி விழுந்து கிடந்தது. ஆட்கள் கடன் கேட்காததற்கு வாங்குகிற சக்தி இல்லாததே போதும். உங்கள் ஒப்பந்தக்காரர் கதை நல்ல சாட்சி, அதை ஏற்கிறேன். மொத்தச் சரிவில் அது எவ்வளவு பங்கு என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

பழைய கடன் பிரிவு | மார்ச் 8, காலை 8.10

முடியாதுதான்.

அந்த 5% வளர்ச்சியை மட்டும் ஒரு தடவை பெருக்கிப் பாருங்கள். 2021-ஐ 100 என்று வைத்தால் 2022-இல் 7.3 விழுந்து 92.7. 2023-இல் 2.3% விழுந்து 90.6. 2024-இல் 5% ஏறி 95. வேகம் திரும்பியது உண்மை, விட்ட இடத்துக்கு இன்னும் வரவில்லை. புரூனோ, ஈஸ்டர்லி சொல்வது வேகத்தைப் பற்றி. அந்த மூன்று வருடத்தில் இறங்காத டிரையர்கள் தந்திருக்கக்கூடிய அரிசி எந்தக் கணக்கில் வரும்?

பனியன் ஊர் | மார்ச் 8, காலை 9.25

ஒரு அப்பாவிக் கேள்விங்க. கடனையே விலைச் சுட்டெண்ணோடு கட்டிவிட்டால் என்ன? விலை ஏறினால் அசலும் ஏறட்டும், இறங்கினால் இறங்கட்டும், உண்மை வட்டி மட்டும் 5% என்று நிலையாக இருக்கட்டும். இரண்டு பேருக்கும் பயமில்லை.

கமலினி | மார்ச் 8, இரவு 10.50

அப்பாவிக் கேள்வி இல்லை, சிலி நாட்டில் 1967 முதல் நடக்கிறது. யு.எஃப் என்று விலைச் சுட்டெண்ணோடு நாள்தோறும் மாறும் ஒரு கணக்கு அலகு. வீட்டுக் கடன், வாடகை எல்லாம் அதில் பேசுகிறார்கள். அதனால்தான் விலை கண்டபடி ஆடிய நாட்டிலும் இருபது வருட வீட்டுக் கடன் சாத்தியமாயிற்று. ஆர்ஜென்டினா அதே யோசனையை யு.வி.ஏ என்று 2016-இல் எடுத்தது. 2018-இல் பெசோ விழுந்தது, விலை பாய்ந்தது, கடனின் அசலும் கூடவே பாய்ந்தது, சம்பளம் பின்தங்கிவிட்டது. கடன் எடுத்தவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள்.

மில்காரர் | மார்ச் 9, காலை 6.20

எனக்கு அது சரிவராது. சுட்டெண் மீனும் பஸ் கட்டணமும் சேர்ந்த கூட்டு. கடன் அதோடு ஏறும். என் வருமானம் அரிசியில், அதற்கு உச்ச விலை போட்டு அமர்த்திவிட்டால் நான் எதைக் கொண்டு கட்டுவது?

வெள்ளவத்தை வாசி | மார்ச் 9, காலை 11.00

என் முதல் கேள்விக்கு வருகிறேன். 2022 டிசம்பரில் சந்தைக்குத் தெரிந்திருந்ததா இல்லையா? தேடிப் பார்த்தேன், அப்போது 91 நாள் உண்டியலுக்கு 32%-க்கு மேல், 364 நாளுக்கு 29%. நீண்ட நாளுக்குக் குறைந்த வட்டி. அதாவது வட்டி இறங்கும் என்று காசுக்காரர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். அப்படியானால் "யாருக்கும் தெரியாது" என்பது முழு உண்மை இல்லையே.

பழைய கடன் பிரிவு | மார்ச் 9, மாலை 4.35

நன்றாகப் பிடித்தீர்கள். இறங்கும் என்று தெரிந்தது, எவ்வளவு என்று தெரியவில்லை. 57-இலிருந்து 4-க்கு வரும் என்று நம்பியிருந்தால் 29% கிடைக்கிற உண்டியலை ஆட்கள் அடித்துப்பிடித்து வாங்கியிருப்பார்கள், வட்டி அன்றைக்கே 15-க்கு விழுந்திருக்கும். 29-இலேயே நின்றது என்றால் அதற்குள் பயத்துக்கான கூலியும் இருந்தது. அரசாங்கம் உள்நாட்டுக் கடனையும் கட்டாமல் விட்டுவிடுமோ என்ற பயமும் அதில் கலந்திருந்தது. ஆக அந்த 29-இல் பணவீக்கப் பயம் எவ்வளவு என்று நான் பிரித்துச் சொல்லப்போவதில்லை, கமலினி வந்துவிடுவார்.

தொழில் போடுகிறவன் பக்கம் பாருங்கள். எந்த ஆலை அன்றைக்கு 29%-க்கு மேல் உழைத்துத் தரும்? கையில் காசு இருந்தவன் கட்டிடமும் கட்டாமல், ஆளும் எடுக்காமல், உண்டியலில் போட்டுவிட்டு வீட்டில் இருந்தான்.

கமலினி | மார்ச் 9, இரவு 8.15

வந்துவிட்டேன். இந்தக் கடைசிப் பந்தியோடு எனக்குச் சண்டை இல்லை.

மில்காரர் | மார்ச் 10, இரவு 9.55

போன கிழமை வங்கிக்குப் போனேன், டிரையர் விஷயமாகத்தான். இப்போது பெப்ரவரிப் பணவீக்கம் மைனஸ் 4.2%, கொள்கை வட்டி 8%. ஐந்து வருடத்துக்கும் ஒரே வட்டி எழுதித் தரச் சொன்னேன். இரண்டு வருடம் நிலையாகத் தரலாம், பிறகு மாறும் என்கிறார்கள். இவ்வளவு அடங்கிய பிறகும் ஏன் ஐயா அவர்களுக்குப் பயம்?

பழைய கடன் பிரிவு | மார்ச் 11, காலை 7.05

மத்திய வங்கியின் இலக்கு 5%. இப்போது இருப்பது மைனஸ் 4. மின்கட்டணத்தைக் குறைத்ததால் வந்த இறக்கம் அதில் கணிசம், அந்தத் தாக்கம் கழிந்ததும் மேலே வரும், வர வேண்டும். 5-இலேயே நிற்குமா என்பதை உங்கள் மனேஜரின் மேலதிகாரிகள் இன்னும் நம்பவில்லை. 2023-இல் வந்த புதிய சட்டத்தின்படி அரசாங்கத்துக்கு மத்திய வங்கி நேரடியாகக் காசு அச்சடித்துக் கொடுக்க முடியாது, அது ஒரு நல்ல பூட்டு. ஆனால் ஒரு தேர்தலையும் ஒரு டொலர் நெருக்கடியையும் அந்தப் பூட்டு தாங்கிக் காட்டினால்தான் ஐந்து வருட நிலை வட்டி சாதாரணமாகக் கிடைக்கும். வைப்புக்காரரும் ஒரு வருடத்துக்கு மேல் காசைக் கட்டிப்போட விரும்புவதில்லை, "சேமிப்பு" ஐயாவைக் கேளுங்கள். ஒரு வருடக் காசை வாங்கி ஐந்து வருடத்துக்கு நிலையாகக் கொடுத்தால் இடையில் வட்டி ஏறும்போது வங்கி அடிபடும்.

இரண்டு வருடம் தந்தால் எடுங்கள், ஆனால் மூன்றாம் வருடம் வட்டி 20% ஆனால் தவணை எவ்வளவு என்று இப்போதே எழுதி வாங்குங்கள். அந்தத் தவணையையும் ஒரு மோசமான போகத்தில் கட்ட முடியுமென்றால் மட்டும் கையெழுத்து.

மில்காரர் | மார்ச் 11, இரவு 8.40

போட்டுப் பார்த்தேன், சிறுபோகம் பிழைத்தால் கட்ட முடியாது. டிரையரில் சிறியது ஒன்று இருக்கிறதாம், பாதி விலை, பாதிக் கொள்ளளவு. அதற்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை 14 நாள் போட்டிருக்கிறார்கள்.

சேமிப்பு | மார்ச் 12, காலை 8.30

ஒரு வருடத்துக்கு மேல் ஏன் போட வேண்டும்? வட்டி இறங்கிவிட்டதே. ஏறட்டும், பிறகு பார்க்கலாம்.

வெள்ளவத்தை வாசி | மார்ச் 12, காலை 8.41

இவரும் பொறுத்துப் பார்க்கிறார்!